காணாமல் போன மஞ்சளும் வழிமறித்த மிளகும்

1998ஆம் ஆண்டில் பெங்களூருவில் உள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனையின் முடிவை வெளியிட்டனர். நலமாக இருந்த தன்னார்வலர்களுக்கு அவர்கள் இரண்டு கிராம் குர்குமினை விழுங்கக் கொடுத்தனர். மஞ்சளுக்கு நிறம் தருவது இந்தக் குர்குமின்தான். சமையல் மஞ்சள்தூளில் அது நூற்றில் ஏறத்தாழ மூன்று பங்கே இருக்கும். ஆகவே, இரண்டு கிராம் குர்குமினைப் பெற வேண்டுமானால் ஒருவர் அறுபது கிராமுக்கு மேல் மஞ்சள்தூளைத் தின்ன வேண்டும். அவ்வளவையும் விழுங்கிய பிறகு அவர்களின் இரத்தத்தை எடுத்துச் சோதித்தால், அதில் குர்குமின் இருந்த அடையாளமே அரிதாக இருந்தது. சிலரிடம் அளவிடக்கூட இயலவில்லை.

அதே அளவு குர்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரினையும் சேர்த்து மீண்டும் கொடுத்தார்கள். பைப்பரின் என்பது மிளகின் காரத்திற்குக் காரணமான பொருள். 20 மில்லிகிராம் என்றால் விரல் நுனியில் ஒட்டும் ஒரு சிட்டிகையைவிடக் குறைவு. இம்முறை முதல் ஒரு மணி நேரத்திற்குள் இரத்தத்தில் குர்குமின் தெளிவாகத் தென்பட்டது. உடலுக்குக் கிடைத்த குர்குமின் ஏறத்தாழ இருபது மடங்காகியிருந்தது. ‘மிளகு சேர்த்தால் மஞ்சள் 2000 விழுக்காடு கூடுதலாகச் சேரும்’ என்று இன்று மாத்திரைப் புட்டிகளின் மேல் அச்சிடப்படும் கூற்று இந்தச் சோதனையிலிருந்து வந்ததுதான்.

மிளகு குர்குமினை உற்பத்தி செய்வதில்லை. கொடுத்த குர்குமினின் அளவும் கூடவில்லை. அப்படியானால், முதல் முறை அது எங்கே போயிற்று?

வாயில் போடும் எந்தப் பொருளும் நேரே உடல் முழுவதும் பரவிவிடுவதில்லை. குர்குமினில் பெரும்பகுதி குடலால் உறிஞ்சப்படாமலே மலத்தோடு வெளியேறிவிடுகிறது. உறிஞ்சப்படும் சிறு பகுதியும் சிறுகுடலின் சுவரைக் கடந்தாக வேண்டும். பின்னர், குடலிலிருந்து புறப்படும் இரத்தம் முழுவதும் ஒரு பெரிய சிரையின் வழியாக முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. இதயத்திற்கும் மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் போவது அதற்குப் பிறகுதான். ஊருக்குள் நுழையும் எல்லா வண்டிகளும் முதலில் ஒரே சோதனைச் சாவடியைக் கடந்தே ஆக வேண்டும் என்பதைப் போன்ற அமைப்பு இது.

அந்தச் சாவடியில் நடக்கும் வேலை என்ன? எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த வாணலியை வெறும் தண்ணீரில் எவ்வளவு நேரம் கழுவினாலும் பிசுக்குப் போகாது. நம் உடலுக்கும் அதே சிக்கல் உண்டு. நாம் உட்கொள்ளும் பல தாவரப் பொருள்களும் மருந்துகளும் கொழுப்பில் கரைபவை. நீரில் எளிதில் கரையாதவை. சிறுநீரோ பெரும்பாலும் நீர். எனவே, அவற்றை அப்படியே வெளியேற்றச் சிறுநீரகத்தால் இயலாது. கல்லீரல் முதலில் அவற்றை நீரில் கரையக்கூடிய பொருள்களாக மாற்ற வேண்டியிருக்கிறது.

இந்த மாற்றத்தை நொதிகள் இரண்டு வகையில் செய்கின்றன. சைட்டோகுரோம் பி450 என்னும் நொதிக் குடும்பம் ஆக்சிஜனைப் பயன்படுத்தி மூலக்கூற்றின் ஒரு முனையை மாற்றியமைக்கிறது. வேறொரு நொதிக் குழு, குளுகுரோனிக் அமிலம் என்னும் சர்க்கரை போன்ற சிறு துண்டை மூலக்கூற்றில் ஒட்டிவிடுகிறது. அந்தத் துண்டு நீரை விரும்பும் கைப்பிடி போன்றது. கைப்பிடி ஏறியதும் மூலக்கூறு நீரில் கரையும். பித்தநீரிலோ சிறுநீரிலோ கலந்து வெளியேறும். சில பொருள்கள் இரண்டு வேலைகளுக்கும் உட்படும். சில பொருள்களுக்கு ஒன்றே போதும். குர்குமினைப் பொறுத்தவரை, கைப்பிடி ஒட்டும் வேலை மிக விரைவாக நடக்கிறது. அந்த வேலை கல்லீரலுக்குப் போகும் முன்பே, குடல் சுவரில் உள்ள செல்களிலேயே தொடங்கிவிடுகிறது. பெங்களூரு தன்னார்வலர்களின் இரத்தத்தில் குர்குமின் தென்படாததற்கு இதுவே முதன்மையான காரணம். உடல் அதனை வெளியேற்ற வேண்டிய அந்நியப் பொருளாகவே நடத்தியது.

இப்போது மிளகுக்கு வருவோம். பைப்பரினை முதன்முதலில் மிளகிலிருந்து பிரித்தெடுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட். ஆண்டு 1819. மின்னோட்டம் காந்த ஊசியை அசைக்கும் என்று அதற்கு அடுத்த ஆண்டு கண்டறிந்து புகழ்பெற்றவரும் அவரே. சரவாக்கில் விளைந்தாலும் கேரளத்தில் விளைந்தாலும், கருமிளகின் எடையில் நூறில் ஐந்து முதல் ஒன்பது பங்கு வரை பைப்பரின் இருக்கிறது. திப்பிலியிலும் அது உண்டு. பைப்பரின் என்னும் பெயருக்கு மூலமான இலத்தீன் சொல்லே ‘பிப்பலி’ என்னும் வடசொல்லிலிருந்து வந்தது என்பர். அந்தச் சொல்தான் தமிழில் திப்பிலி.

பைப்பரினும் கொழுப்பில் கரையும் பொருளே. ஆகவே, அதுவும் கல்லீரல் நொதிகளிடம் போய்ச் சேர்கிறது. ஆனால், மற்ற மூலக்கூறுகளைப் போல அது உடனே மாற்றப்பட்டு வெளியே தள்ளப்படுவதில்லை. நொதியின் வேலை நடக்கும் இடத்தில் அது ஒட்டிக்கொண்டு, வேறு மூலக்கூறுகள் உள்ளே வரமுடியாமல் அடைத்துக்கொள்கிறது. பைப்பரினின் ஒரு முனையில் இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் மூன்று கார்பன் அணுக்களும் சேர்ந்த சிறு வளையம் இருக்கிறது. இத்தகைய வளையம் கொண்ட பொருள்கள், சைட்டோகுரோம் நொதியின் நடுவில் உள்ள இரும்பு அணுவைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. முகப்பில் ஒருவரே நின்றுகொண்டு நகர மறுத்தால், பின்னால் வரிசையில் நிற்பவர்களின் வேலை நடக்காது அல்லவா?

கைப்பிடி ஒட்டும் நொதிகளையும் பைப்பரின் மெதுவாக்குகிறது. அதோடு, ஒட்டுவதற்குத் தேவையான குளுகுரோனிக் அமிலத்தின் இருப்பையும் குடல் செல்களில் குறைக்கிறது என்று விலங்குச் செல்களில் செய்த சோதனைகள் காட்டின. வேலை செய்பவரின் கையையும் கட்டி, அவருக்குத் தேவையான பொருளையும் குறைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. குடல் செல்களின் சுவரில், உள்ளே வந்த அந்நியப் பொருளை மீண்டும் குடலுக்குள்ளேயே இறைத்துத் தள்ளும் ஒரு புரதமும் உண்டு. அதையும் பைப்பரின் தடுக்கிறது என்று 2002இல் ஜெர்மனியில் செய்யப்பட்ட ஆய்வு கண்டது. ஆக, ‘கல்லீரலை மெதுவாக்குகிறது’ என்று சுருக்கமாகச் சொன்னாலும், உண்மையில் அந்தத் தடை குடல் சுவரிலேயே தொடங்கிவிடுகிறது.

நொதிகள் சற்று மெதுவானதால் குர்குமின் எப்படி இருபது மடங்காயிற்று? மெதுவாவது சிறிது, விளைவு பெரிது. இது முதலில் குழப்பமாகத் தோன்றலாம். சிறு கணக்கு ஒன்று இதைத் தெளிவாக்கும்.

குடலால் உறிஞ்சப்பட்ட நூறு மூலக்கூறுகளை எடுத்துக்கொள்வோம். குடல் சுவரும் கல்லீரலும் சேர்ந்து அவற்றுள் 99ஐ மாற்றிவிடுகின்றன. ஒன்று மட்டும் தப்பிச் செல்கிறது. மிளகு வந்ததால் 80 மட்டுமே மாற்றப்படுகின்றன என்று கொள்வோம். உடல் தன் வேலையில் ஐந்தில் நான்கு பங்கை இன்னும் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால், தப்பியவை ஒன்றிலிருந்து 20 ஆகிவிட்டன. இருபது மடங்கு! இனி வேறொரு மருந்தை எடுத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு ஐந்து மட்டுமே முதல் சுற்றில் மாற்றப்படுகின்றன, 95 தப்புகின்றன. மிளகு அந்த மாற்றத்தை முழுவதுமாக நிறுத்தினாலும், தப்புபவை நூறைத் தாண்ட முடியாது. 95 என்பது 100 ஆகும், அவ்வளவுதான். எனவே, ஒரு பொருள் முதல் சுற்றில் எவ்வளவு அதிகமாக அழிக்கப்படுகிறதோ, அவ்வளவு பெரிதாக மிளகின் விளைவும் தெரியும். எல்லா மருந்துகளையும் மிளகு ஒரே அளவில் உயர்த்துவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2000 விழுக்காடு என்ற எண்ணின் மயக்கமும் இங்கேதான் இருக்கிறது. ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத அளவை இருபதால் பெருக்கினாலும் பெரிய அளவு வந்துவிடாது. பெங்களூரு சோதனையில் மிளகோடு சேர்த்துக் கொடுத்தபோதும், உச்ச நேரத்தில் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் இருந்த குர்குமின் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவே. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. புட்டியின் மேல் எண்ணை அச்சிடுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

குர்குமின் கூடினாலும் குறைந்தாலும் பலருக்கு வேறுபாடு தெரியாமலே போகலாம். மருந்துகளின் நிலை அப்படியன்று. வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் ஃபெனிட்டோயின் என்ற மருந்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரத்தத்தில் அது ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டும். பத்துக்குக் கீழே போனால் வலிப்பு திரும்ப வரலாம். இருபதைத் தாண்டினால் கண்விழிகள் தாமாகவே பக்கவாட்டில் துடிக்கத் தொடங்கும். முப்பதை நெருங்கினால் நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். அதற்கும் மேலே போனால் நோயாளி மயங்கிய நிலையில் குழப்பத்துடன் இருப்பார். அருகில் இருப்பவர்கள் இதைக் களைப்பு என்றோ தூக்கக் கலக்கம் என்றோ நினைத்துவிடக்கூடும்.

நலமாக இருந்தவர்களுக்கு முதலில் மிளகு கலந்த சூப்பைக் குடிக்கக் கொடுத்து, பிறகு ஃபெனிட்டோயின் மாத்திரையைக் கொடுத்த ஆய்வு ஒன்று இந்தியாவில் நடந்தது. மிளகு இல்லாத சூப்பைக் குடித்த நாளைவிட, மிளகு சூப்பைக் குடித்த நாளில் மருந்து இரத்தத்தில் கூடுதலாகச் சேர்ந்தது. வெளியேறவும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டது. இங்கே பைப்பரின் மாத்திரையாகக் கொடுக்கப்படவில்லை, சமையலறையில் இருக்கும் மிளகாகவே கொடுக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஃபெனிட்டோயினில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதை மாற்றும் கல்லீரல் நொதிகளுக்கு ஒரு நாளில் செய்யக்கூடிய வேலைக்கு ஓர் எல்லை இருக்கிறது. வழக்கமான மருந்தளவே அந்த எல்லைக்கு மிக அருகில் நிற்கிறது. ஒருவர் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் உட்கொள்கிறார் என்றும், அவருடைய கல்லீரலால் நாளொன்றுக்கு அதிகம் போனால் 400 மில்லிகிராம் வரை மாற்ற இயலும் என்றும் வைத்துக்கொள்வோம். மருத்துவர்கள் பயன்படுத்தும் வாய்பாட்டின்படி கணக்கிட்டால், அவருடைய இரத்த அளவு 12 மைக்ரோகிராமில் நிலைபெறும். அது பாதுகாப்பான அளவு. இப்போது கல்லீரலின் திறன் பத்தில் ஒரு பங்கு குறைந்து 360 ஆகிறது. மருந்தளவு மாறவில்லை, ஆயினும் இரத்த அளவு 20ஐத் தொடுகிறது. திறன் இன்னும் சற்றுக் குறைந்து 340 ஆனால், அளவு 30 ஆகிவிடும். குழாயிலிருந்து விழும் தண்ணீருக்கும் தொட்டியின் அடியில் வெளியேறும் தண்ணீருக்கும் இடையே இருந்த சிறு இடைவெளி சுருங்கச் சுருங்க, தொட்டியின் நீர்மட்டம் ஏறிக்கொண்டே போவது போன்றது இது. இந்த எண்கள் விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை. மிளகு ஒருவருடைய கல்லீரலின் திறனை இவ்வளவுதான் குறைக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் நொதிகளின் அளவே வேறுபடும். அதனால்தான் இத்தகைய மருந்தை உட்கொள்பவர்களுக்கு இரத்தச் சோதனை செய்து அளவைப் பார்க்கிறார்கள்.

ஃபெனிட்டோயின் தனித்து நிற்கும் மருந்தன்று. 1991இல் வெளியான வேறோர் ஆய்வில், தன்னார்வலர்கள் ஏழு நாள்களுக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் பைப்பரினை உட்கொண்டனர். அதன்பின், இரத்த அழுத்தத்திற்குக் கொடுக்கப்படும் புரோப்ரனலோல், ஆஸ்துமாவிற்குக் கொடுக்கப்படும் தியோஃபிலின் ஆகிய இரண்டுமே இரத்தத்தில் கூடுதலாகக் காணப்பட்டன. தியோஃபிலின் அளவு மீறினால் குமட்டலும் நெஞ்சுப் படபடப்பும் வரும். ஆஸ்துமாவால் மூச்சுத் திணறும் ஒருவருக்குப் படபடப்பு ஏற்பட்டால், அதை அவர் நோயின் அறிகுறி என்று எண்ணிக்கொள்வாரே தவிர, மருந்து மிகுந்துவிட்டது என்று எண்ணமாட்டார்.

இந்தத் தடையையே பயனுள்ளதாக மாற்ற முடியாதா என்ற கேள்வி இந்தியாவின் ஜம்மு நகரில் இருந்த மண்டல ஆய்வுக்கூடத்தில் எழுந்தது. சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் சேர்ந்த திரிகடுகம் பழைய மருந்துக் கலவைகள் பலவற்றில் இடம்பெற்றிருப்பதை அங்கிருந்த சி. கே. அட்டல் என்பவரின் குழு கவனித்தது. வெவ்வேறு நோய்களுக்கான கலவைகளில் அதே மூன்று பொருள்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன? நோயைத் தீர்ப்பது அவற்றின் வேலையன்று, உடனிருக்கும் மருந்துக்குத் துணைநிற்பதே அவற்றின் வேலையாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினர். 1985இல், பைப்பரின் கல்லீரல் நொதிகளைத் தடுக்கிறது என்று காட்டும் கட்டுரையை அவர்கள் வெளியிட்டனர். இந்த வழியில் தொடர்ந்த ஆய்வுகளின் பயனாக, 2009இல் இந்தியாவில் காசநோய்க்கான ஒரு கூட்டு மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. வழக்கமாக 450 மில்லிகிராம் கொடுக்கப்படும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து, அந்த மாத்திரையில் 200 மில்லிகிராம் மட்டுமே இருந்தது. உடன் இருந்தது 10 மில்லிகிராம் பைப்பரின். ஒரே பொருள் ஓரிடத்தில் துணையாகவும் வேறோரிடத்தில் இடையூறாகவும் இருக்கிறது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு, அது அங்கே இருப்பதை மருந்தளவை முடிவு செய்பவர் அறிந்திருக்கிறாரா என்பதுதான்.

அப்படியென்றால், வீட்டில் வைக்கும் மிளகு இரசத்தை நிறுத்திவிட வேண்டுமா? ஒரு தேக்கரண்டி மிளகுத்தூளின் எடை ஏறத்தாழ இரண்டு கிராம். நூற்றுக்கு ஐந்து பங்கு என்று கொண்டால், அதில் 100 மில்லிகிராம் பைப்பரின் இருக்கும். ஆய்வுகளில் கொடுத்த 20 மில்லிகிராமைவிட இது அதிகம் என்று பார்த்தவுடன் அச்சம் தோன்றலாம். ஆனால், அந்த ஒரு தேக்கரண்டி ஒருவருக்கானதன்று. ஒரு பானை இரசத்தில் கலந்து வீட்டில் உள்ளவர்களுக்கெல்லாம் பகிரப்படுகிறது. மேலும், பைப்பரின் நீரில் மிகக் குறைவாகவே கரையும். ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் 40 மில்லிகிராம் அளவே கரையும். இரசம் கொதிப்பதாலும் தாளிக்கும் எண்ணெயாலும் சற்றுக் கூடுதலாகக் கரையலாம். மீதி, பானையின் அடியில் வண்டலாக நிற்கும் மிளகுத் துணுக்குகளுக்குள்ளேயே தங்கிவிடும். வண்டலைத் தவிர்த்துத் தெளிவை மட்டும் ஊற்றிக்கொள்பவருக்குக் கிடைப்பது இன்னும் குறைவு.

உணவைப் பொறுத்தவரை, வழக்கம் என்பதும் ஒரு பாதுகாப்பாகிறது. நாள்தோறும் அதே அளவு மிளகு சேர்த்து உண்பவருக்கு மருத்துவர் இரத்தச் சோதனை செய்து மருந்தளவை முடிவு செய்யும்போது, அந்த மிளகின் விளைவும் கணக்கில் சேர்ந்தே வந்துவிடுகிறது. சிக்கல் வருவது வழக்கம் திடீரென மாறும்போதுதான். சளி பிடித்ததென்று ஒரு வாரம் முழுவதும் மூன்று வேளையும் மிளகுக் கஷாயம் குடிப்பதும், மூட்டுவலிக்கு நல்லதென்று மஞ்சளும் மிளகுச் சாறும் சேர்ந்த மாத்திரையைத் தொடங்குவதும் அத்தகைய மாற்றங்களே. அதிலும் மாத்திரையின் நிலை வேறு. பைப்பரின் அங்கே மிளகுத் துணுக்குக்குள் சிக்கியிருப்பதில்லை. பிரித்தெடுத்துத் தூய்மையாக்கிய நிலையில், ஒரே விழுங்கில் முழுவதும் உள்ளே போகிறது.

இத்தகைய மஞ்சள் மாத்திரைகளை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதைத் தொடர்ந்து, ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் எச்சரிக்கை வெளியிட்டது. கூடுதலாக உறிஞ்சப்படும் வகையில் தயாரிக்கப்பட்ட மாத்திரைகளிலும், அளவு மிகுந்த மாத்திரைகளிலும் இடர் கூடுதலாக இருக்கலாம் என்று அது குறிப்பிட்டது. உணவில் வழக்கமாகச் சேர்க்கப்படும் மஞ்சளை அந்த எச்சரிக்கை குறிக்கவில்லை. சிறுநீர் கருத்துப் போதல், கண்ணின் வெண்பகுதி மஞ்சளாதல், தோலில் அரிப்பு, காரணம் தெரியாத களைப்பு, குமட்டல் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

மருந்தகங்களில் மருந்தாளர், “வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், ஐயா?” என்று கேட்கும்போது, பலர் மருத்துவர் எழுதிக்கொடுத்தவற்றை மட்டுமே சொல்வார்கள். கடையில் வாங்கிய மஞ்சள் மாத்திரையை அவர்கள் மருந்து என்று நினைப்பதில்லை. அந்தப் புட்டியின் பின்புறத்தில், மஞ்சளின் அளவிற்குக் கீழே, சிறிய எழுத்தில் ‘மிளகுச் சாறு’ என்று ஒரு வரி இருக்கும். மருந்தாளருக்குத் தேவைப்படுவது அந்த வரிதான்.